பட்டம் கையில், வேலை இன்னும் இல்லை: மட்டக்களப்பு, அம்பாறைப் பட்டதாரிக்கு ஒரு கிழமைத் திட்டம்

கல்முனையில் ஒரு நிதி நிறுவனத்தின் கிளையில் ஆறு வருடம் நிர்வாக வேலை பார்த்தேன். ஆள் எடுக்கும் காலத்தில் வரும் விண்ணப்பங்களைத் திறந்து, பிரித்து, முகாமையாளரின் மேசையில் வைப்பது என் பொறுப்பு. கணக்குப் பயிலுநர் வெற்றிடம் ஒன்றுக்கு வரும் சீவிகளில் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை போல இருக்கும். "தங்கள் நிறுவனத்தில் பொருத்தமான ஏதாவது ஒரு பதவி" என்று முதல் வரி இருந்தால், அந்த ஆளுக்கு எந்தப் பதவி வேண்டும் என்பதை நான்தான் முடிவுசெய்ய வேண்டும். எனக்கு அதற்கு நேரம் இருந்ததில்லை.

போன வருடம் என் சின்னம்மாவின் மகள் வந்தாறுமூலையில் வணிகப் பட்டம் முடித்துவிட்டு களுவாஞ்சிகுடியில் வீட்டில் இருந்தாள். "மூன்று மாதத்தில் அறுபது இடத்துக்குப் போட்டுட்டன் அண்ணா, ஒரு கோலும் இல்ல" என்றாள். அவளுடைய மின்னஞ்சலில் Sent பெட்டியைத் திறந்து பார்த்தோம். ஒரே கடிதம், ஒரே கோப்பு. ஒரு மின்னஞ்சலில் To இடத்தில் பதினொரு நிறுவனங்களின் முகவரிகள் வரிசையாக இருந்தன. அதைப் பெற்ற பதினொரு பேருக்கும் மற்றப் பத்துப் பேரையும் தெரிந்திருக்கும். அறுபது விண்ணப்பங்களில் ஒன்றுக்குக்கூட அவள் பிறகு தொலைபேசி எடுத்து விசாரிக்கவில்லை.

அன்றிரவு இரண்டு பேரும் உட்கார்ந்து ஒரு கிழமைக்கான அட்டவணை போட்டோம். கீழே இருப்பது அதுதான். பிறகு நடந்ததைப் பார்த்துச் சில இடங்களில் திருத்தியிருக்கிறேன். கணக்கு, நிர்வாகம், அலுவலக வேலை தேடும் பட்டதாரியை மனதில் வைத்து எழுதுகிறேன். மென்பொருள் வேலை தேடுகிறவருக்குப் பயிற்சிப் பகுதி மட்டும் மாறும்.

தொடங்க முன் ஒரு சனிக்கிழமை

முதலில் பட்டத்தின் அமுலாகும் திகதியைக் கண்டுபிடியுங்கள். பெறுபேறு வந்த நாளும் பட்டமளிப்பு விழா நாளும் அது அல்ல. பட்டச் சான்றிதழிலோ பல்கலைக்கழகம் தரும் பெறுபேற்றுக் கடிதத்திலோ அது தனியாகக் குறிப்பிடப்பட்டிருக்கும். அரச விண்ணப்பங்களில் தகைமைகள் முடிவுத் திகதிக்கு முன் பூர்த்தியாகியிருக்க வேண்டும் என்று கேட்பார்கள். அந்தத் திகதி தெரியாமல் விண்ணப்பித்து, நேர்முகப் பரீட்சை மேசையில் வைத்துத் திருப்பி அனுப்பப்பட்டவர்களை எனக்குத் தெரியும். விழா இன்னும் நடக்கவில்லை என்றால் பெறுபேற்றுக் கடிதத்தின் மூலப் பிரதி ஒன்றை இப்போதே எடுத்து வையுங்கள்.

இரண்டாவது, உறவினர் அல்லாத இரண்டு பேரை உங்களுக்காகப் பேசச் சொல்லிக் கேளுங்கள். பெயர் போட்டால் மட்டும் போதாது, அவர்களிடம் சொல்லியும் இருக்க வேண்டும். நான் ஒரு முறை சீவியில் இருந்த விரிவுரையாளர் ஒருவருக்கு அழைத்தபோது, "யாரு இந்தப் பிள்ளை?" என்று அவர் என்னையே திருப்பிக் கேட்டார்.

மூன்றாவது, உங்கள் போன். அழைப்பவருக்குக் கேட்கும் பாட்டை நிறுத்துங்கள். கொழும்பிலிருந்து வரும் அழைப்பு 011 என்று தொடங்கும். கடன் விற்கிறார்கள் என்று நினைத்துத் துண்டித்துவிடாதீர்கள்.

பதிவேடு

ஒரு கொப்பியோ கூகுள் ஷீட்டோ, எதுவாக இருந்தாலும் சரி. இதுதான் திட்டத்தின் முதுகெலும்பு. நிரல்கள் ஏழு போதும்: நிறுவனம், பதவி, எங்கே கண்டது, அனுப்பிய நாள், முடிவுத் திகதி, விசாரிக்கும் நாள், நடந்தது. சின்னம்மா மகள் "யாரோடு கதைத்தேன்" என்று எட்டாவது ஒன்று சேர்த்தாள். பிறகு அதுதான் மிகவும் பயன்பட்டது.

இதில் பெரும்பாலானோர் தவறவிடுவது விசாரிக்கும் நாளைத்தான். நீங்கள் அனுப்பிய நாளிலிருந்து எண்ணக்கூடாது, முடிவுத் திகதியிலிருந்து எண்ண வேண்டும். எங்கள் கிளையில் முடிவுத் திகதிக்கு முன் ஒரு விண்ணப்பத்தையும் யாரும் திறந்ததில்லை. முதல் நாளே அனுப்பிவிட்டு மூன்றாம் நாள் அழைக்கும் பிள்ளைக்கு எங்களிடம் சொல்லப் பதில் இருக்காது. முடிவுத் திகதியிலிருந்து ஐந்து வேலை நாள் விடுங்கள். முடிவுத் திகதி போடாத விளம்பரம் என்றால் அனுப்பிய நாளிலிருந்து ஏழு வேலை நாள்.

ஷீட்டில் முடிவுத் திகதி E நிரலில் இருந்தால் இந்தச் சூத்திரம் அந்த நாளைத் தரும்:

```
=WORKDAY(E2,5,Holidays!A2:A30)
```

சனி, ஞாயிறை அது தானாகவே தவிர்க்கும். சூத்திரத்தைப் போட முன் `Holidays` என்ற பெயரில் இன்னொரு தாள் திறந்து, A2 கலத்திலிருந்து கீழே போயா நாட்களையும் மற்ற அரச விடுமுறைகளையும் எழுதி வையுங்கள், அவற்றையும் தவிர்க்கும். அந்தத் தாள் இல்லாவிட்டால் சூத்திரம் பிழை காட்டும். விடை இலக்கமாக வந்தால் பயப்பட வேண்டாம், அந்தக் கலத்தின் வடிவத்தைத் திகதி என்று மாற்றிவிடுங்கள்.

ஞாயிறு: தேடலும் தெரிவும், இரண்டு மணித்தியாலம்

வேலை தேடுவதை ஒரு நாளுக்குள் அடக்குங்கள். கிழமை முழுக்க போனைத் தட்டிக்கொண்டு விளம்பரம் பார்த்தால், பார்த்ததே வேலை செய்தது மாதிரி ஒரு களைப்பைத் தரும். ஞாயிறுப் பத்திரிகைகளில்தான் விளம்பரம் கூடுதலாக வரும். தமிழ்ப் பத்திரிகையோடு ஆங்கில ஞாயிறுப் பத்திரிகை ஒன்றும் பாருங்கள். வாங்க வேண்டியதில்லை, பொது நூலகத்தில் திங்கட்கிழமை பார்த்தாலும் காலம் தப்பாது. பிறகு `topjobs.lk`, லிங்க்ட்இன், நீங்கள் இருக்கும் வாட்ஸ்அப் குழுக்கள்.

கண்டதெல்லாம் பதிவேட்டில் ஏறக்கூடாது. மூன்றை மட்டும் தெரிவுசெய்யுங்கள். கேட்கும் தகைமையில் முக்கால்வாசி என்னிடம் உண்டா? தினமும் போய்வரவோ அங்கே தங்கவோ என்னால் முடியுமா? செவ்வாய்க்குள் நல்லபடி எழுதி அனுப்பக் காலம் இருக்கிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் எடுங்கள். "இரண்டு வருட அனுபவம்" என்று கேட்டிருந்தால் உடனே ஒதுக்க வேண்டாம், பயிற்சிக் காலத்தையும் சேர்த்து ஒரு வருடமாவது காட்ட முடிந்தால் போடலாம். ஐந்து வருடம் கேட்டிருந்தால் விட்டுவிடுங்கள்.

ஒரு வகை விளம்பரத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். "முகாமைத்துவப் பயிலுநர், 25 வெற்றிடங்கள், அனுபவம் தேவையில்லை, உடனடி நியமனம்." இதில் பல, தரகுப் பணத்துக்குக் காப்புறுதியோ பொருளோ விற்கும் வேலைகள். அது கெட்ட வேலை அல்ல, ஆனால் நீங்கள் தேடும் வேலை அதுவா என்பது வேறு விஷயம். அழைத்து ஒரு கேள்வி கேளுங்கள்: "நிரந்தரச் சம்பளம் எவ்வளவு, அதற்கு ஈ.பி.எஃப். கட்டுவீர்களா?" நேராகப் பதில் வந்தால் மேலே கேளுங்கள். "வாங்களேன், நேரில கதைப்பம்" என்றால் உங்கள் பஸ் காசு மிச்சம். பதிவுக் கட்டணம், சீருடைக் கட்டணம் என்று முன்பணம் கேட்கும் எதற்கும் போக வேண்டாம். வெளிநாட்டு வேலை என்றால் அந்த முகவர் நிலையத்துக்கு உரிமம் உண்டா என்பதை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் கேட்டு அறியலாம்.

திங்களும் செவ்வாயும்: எழுதுதல்

ஒரு விண்ணப்பத்துக்கு ஒன்றரை மணித்தியாலம். மூன்றுக்கும் நாலரை. இரண்டு காலைகளில் முடிந்துவிடும்.

சீவியை முழுக்க மாற்றத் தேவையில்லை. முதல் பக்கத்தின் மேல் மூன்றில் ஒரு பங்கு மட்டும் ஒவ்வொரு முறையும் புதிதாக இருக்க வேண்டும், ஏனென்றால் முதல் சுற்றில் வாசிக்கப்படுவது அவ்வளவுதான். விளம்பரத்தை அச்செடுத்து, அதில் வேலையைக் குறிக்கும் சொற்களின் கீழ் கோடு போடுங்கள். சின்னம்மா மகள் எடுத்த முதல் விளம்பரத்தில் ஐந்து சொல் இருந்தது: காசேடு, வங்கி இணக்கக்கூற்று, ஈ.பி.எஃப்., எக்செல், சிங்களம்.

அவளுடைய பழைய சீவியின் தலையில் "சவாலான சூழலில் என் திறமைகளை வளர்த்து நிறுவனத்தின் வளர்ச்சிக்குப் பங்களிப்பதே என் இலக்கு" என்று ஒரு பந்தி இருந்தது. அதை எடுத்தோம். அந்த இடத்தில் நாலு வரி போட்டோம். வணிகப் பட்டம், எந்த வகுப்பு, அமுலாகும் திகதி எது. இறுதியாண்டில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் ஆறு மாதம் பயிற்சி, அங்கே தினமும் காசேடு எழுதி, மாத முடிவில் வங்கிக் கூற்றோடு ஒப்பிட்டது. எக்செலில் என்னென்ன செய்ய முடியும். சிங்களம் கதைக்க முடியும், எழுதுவது மட்டுமட்டு. கடைசி வரியைப் போட அவள் தயங்கினாள். ஆனால் அம்பாறை நகரத்துக் கிளையில் சிங்களத்தில் ஒரு வாடிக்கையாளரைச் சமாளிக்க முடியுமா என்பதுதான் கேள்வி. "நன்றாகத் தெரியும்" என்று போட்டவர்களிடம் நாங்கள் உடனே சிங்களத்தில் ஒரு கேள்வி கேட்போம். அளவாகச் சொன்ன பிள்ளையிடம் அந்த வலை போட்டதில்லை.

மின்னஞ்சலின் தலைப்பில் பதவியும் கிளையும் இருக்கட்டும். கோப்பின் பெயர் `CV new final 2.pdf` என்று இருக்கக்கூடாது. உங்கள் பெயரும் பதவியும் அதில் இருந்தால், நான் அதை என் கணினியில் சேமித்தாலும் தொலையாது. உடலில் ஐந்து வரி போதும். உடல் வெறுமையாக, இணைப்பு மட்டும் தொங்கும் மின்னஞ்சல்கள் நிறைய வரும், அவை அவசரமாக எறிந்தவை போலத் தெரியும். ஒரு நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல். அனுப்ப முன் உங்களுக்கே ஒரு முறை அனுப்பி, போனில் திறந்து பாருங்கள். வேர்ட் கோப்பாக அனுப்பினால் தமிழ் எழுத்துகள் மற்றவர் கணினியில் சிதைந்து தெரியலாம்.

புதன்: விசாரிப்பு

புதன் காலை பத்து மணிக்கும் பதினொன்றரைக்கும் இடையில் அழையுங்கள். திங்கட்கிழமை எந்த அலுவலகத்திலும் தலை நிமிராது. வெள்ளிக்கிழமை காத்தான்குடி, ஏறாவூர், கல்முனை, சம்மாந்துறைப் பக்கம் ஜும்ஆத் தொழுகை நேரம், பன்னிரண்டிலிருந்து இரண்டு மணிவரை ஆளைப் பிடிக்க முடியாது, பிடித்தாலும் அது முறையல்ல. மாதக் கடைசி மூன்று நாளும் அடுத்த மாத முதல் மூன்று நாளும் கணக்குப் பிரிவுக்கு அழைக்க வேண்டாம். அந்த நாட்களில் நானே எரிந்து விழுந்திருக்கிறேன்.

உள்ளூர்க் கிளைக்கு அனுப்பியிருந்தால் தொலைபேசி. கொழும்புத் தலைமையகத்துக்கு அனுப்பியிருந்தால் மின்னஞ்சல், அதுவும் நீங்கள் முன்பு அனுப்பிய அதே மின்னஞ்சலுக்கு நீங்களே பதில் போடுவதாக. அப்படிச் செய்தால் பழைய கடிதமும் சீவியும் கீழேயே இருக்கும், அவர் தேட வேண்டியதில்லை.

அவளுடைய பதிவேட்டிலிருந்து ஒரு வரிசையை எடுத்துக்கொள்வோம். அனுப்பியது 4ஆம் திகதி செவ்வாய். முடிவுத் திகதி 14 வெள்ளி. ஐந்து வேலை நாள் கழித்தால் 21, அதுவும் வெள்ளி. ஆகவே அடுத்த புதன், 26ஆம் திகதி. அந்த நிறுவனத்தின் கல்முனைக் கிளைக்கு அழைத்தாள். பக்கத்தில் இருந்து கேட்டதால் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"வணக்கம் மிஸ். நான் களுவாஞ்சிகுடியில இருந்து கதைக்கிறன். 14ஆம் திகதி முடிஞ்ச கணக்குப் பயிலுநர் வெற்றிடத்துக்கு ஈமெயில்ல விண்ணப்பம் அனுப்பினனான். அது கிடைச்சதா எண்டு மட்டும் பார்த்துச் சொல்லேலுமா?"

"பேர் என்ன தங்கச்சி? கொஞ்சம் இருங்க... ஓம், இருக்கு. இன்னும் பார்க்கல்ல. ஹெட் ஒபிஸ்ல இருந்து லிஸ்ட் வரணும்."

"சரி மிஸ். எப்ப அளவில வரும் எண்டு சொல்லேலுமா?"

"அடுத்த மாசம் நடுவில கேட்டுப் பாருங்களேன்."

"சரி மிஸ், நன்றி. உங்கட பேரைக் கேட்கலாமா? அடுத்த முறை எடுக்கக்குள்ள சொல்லலாம்."

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் நாலு காரியம் நடந்தது. விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது உறுதியானது. அதைத் திறக்காத ஒருவர் அதைத் தேடிப் பெயரைப் பார்த்தார். தெரிவு கிளையில் அல்ல, தலைமையகத்தில் நடக்கிறது என்று தெரியவந்தது. அடுத்த முறை அழைக்க ஒரு பெயரும் நாளும் கிடைத்தன. "எனக்கு வேலை கிடைக்குமா?" என்று அவள் கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். அந்தக் கேள்விக்கு வரவேற்பு மேசையில் இருப்பவரால் பதில் சொல்ல முடியாது. பதில் சொல்ல முடியாத கேள்வியைக் கேட்டால் அழைப்பை முடிக்கத்தான் பார்ப்பார்.

தலைமையகத்துக்கான மின்னஞ்சலும் அதே அளவுதான். ஆங்கிலத்தில் மூன்று வாக்கியம்: எந்தப் பதவிக்கு எப்போது விண்ணப்பித்தேன், இன்னும் ஆர்வமாக இருக்கிறேன், என் பக்கத்திலிருந்து மேலதிக ஆவணம் ஏதும் தேவையா.

இரண்டு முறைக்கு மேல் வேண்டாம். முதல் முறை ஒன்று, அவர்கள் சொன்ன நாளில் இன்னொன்று. நாள் சொல்லவில்லை என்றால் இரண்டு கிழமை கழித்து. அதற்கும் பதில் இல்லை என்றால் பதிவேட்டில் "முடிந்தது" என்று எழுதி, அந்த வரிசையைச் சாம்பல் நிறமாக்குங்கள். மூன்றாம் முறை அழைப்பவரின் பெயரும் எங்களுக்கு நினைவிருக்கும், வேறு விதமாக. அம்மாவோ மாமாவோ உங்களுக்காக அழைத்து விசாரிப்பதும் வேண்டாம். எங்கள் ஊரில் இது அடிக்கடி நடக்கும், பிள்ளைக்கு அது உதவியதாக நான் கண்டதில்லை.

வியாழன்: விளம்பரம் வராத இடங்கள்

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் சிறிய இடங்கள் பத்திரிகையில் விளம்பரம் போடுவதில்லை. அரிசி ஆலை, வன்பொருள் கடை, தனியார் வைத்தியசாலை, தனியார் கல்வி நிலையம், பாசிக்குடா, அறுகம்பை ஹோட்டல்கள், இவையெல்லாம் தெரிந்தவர் வழியாகத்தான் ஆள் எடுக்கின்றன. ஆகவே வியாழக்கிழமை ஒரு பாதை பிடித்து இரண்டு இடங்களுக்கு நேரில் போங்கள். களுவாஞ்சிகுடியிலிருந்து என்றால் ஒரு கிழமை வடக்கே மட்டக்களப்பு, மறு கிழமை தெற்கே கல்முனை. ஒரே வீதி, ஒரே பஸ்.

காலம் பார்த்துப் போவது முக்கியம். அறுகம்பையிலும் பாசிக்குடாவிலும் சுற்றுலாக் காலம் சித்திரைப் பக்கம் தொடங்கிப் புரட்டாதி வரை ஓடும். ஹோட்டல்கள் ஆளைத் தேடுவது அதற்கு ஒன்றிரண்டு மாதம் முன்னால். மார்கழி மழையில் போனால் காவலாளிதான் இருப்பார். பெரும்போக அறுவடை மாசி, பங்குனியில் சூடுபிடிக்கும்போது ஆலைகளில் கணக்கு வேலை குவியும். சரியாக அந்த நெருக்கடியில் போய் நின்றால் கதைக்க யாரும் இல்லை, தை நடுப்பகுதியில் போங்கள்.

போய், "வேலை இருக்கா?" என்று கேட்டால் "இல்ல" என்பது வாயில் தயாராக இருக்கும். "கணக்கு வேலைக்கு யாரிட்ட சீவி கொடுக்கிறது?" என்று கேளுங்கள். பெயரைக் கேட்டு, உறையில் எழுதி, கையில் கொடுங்கள். பதிவேட்டில் இதுவும் ஒரு விண்ணப்பம்தான். விசாரிக்கும் நாள் பத்து வேலை நாள் கழித்து.

அதே பயணத்தில் ஒரு முறை உங்கள் பிரதேச செயலகத்துக்கும் போங்கள். மனிதவள அபிவிருத்தி உத்தியோகத்தர் என்று ஒருவர் அங்கே இருப்பார். வேலை தேடுவோர் பெயரைப் பதிவது, தனியார் நிறுவனங்கள் கேட்கும் வெற்றிடங்களைத் தெரியப்படுத்துவது அவருடைய வேலைக்குள் வரும். பதிந்துவிட்டு மறந்துவிடாமல், மாதம் ஒரு முறை தலைகாட்டுங்கள்.

வெள்ளி: அரச வேலை

அரச வேலையைக் காத்திருப்பாக எடுத்தால் வருடங்கள் போகும். கிழமைக்கு ஒரு மணித்தியால வேலையாக எடுங்கள். வாராந்த வர்த்தமானி வெள்ளிக்கிழமைகளில் வெளியாகும். `documents.gov.lk` தளத்தில் தமிழிலும் கிடைக்கும். வெற்றிடங்களும் பரீட்சை அறிவித்தல்களும் பகுதி 1, தொகுதி 2அ என்பதில் இருக்கும், மற்றத் தொகுதிகளில் நேரத்தை விட வேண்டாம். மாகாண வெற்றிடங்களுக்கு `ep.gov.lk` தளத்தைத் தனியாகப் பாருங்கள்.

அறிவித்தலில் முதலில் பார்க்க வேண்டியவை வயதெல்லை, வதிவிட நிபந்தனை, முடிவுத் திகதி. தபாலில் அனுப்ப வேண்டியது என்றால், முடிவுத் திகதி என்பது அவர்கள் கையில் கிடைக்க வேண்டிய நாள், நீங்கள் தபாலில் போடும் நாள் அல்ல. ஆகவே குறைந்தது ஒரு கிழமை முன்னதாகப் பதிவுத் தபாலில் போடுங்கள். உறையின் இடப்பக்க மேல் மூலையில் பதவியின் அல்லது பரீட்சையின் பெயரை அறிவித்தலில் உள்ளபடியே எழுதுங்கள். பதிவுத் தபால் பற்றுச்சீட்டையும் விண்ணப்பத்தின் நிழற்பிரதியையும் ஒன்றாகப் பின் அடித்து வையுங்கள். அனுமதி அட்டை வராமல் போனால் உங்களிடம் உள்ள ஒரே ஆதாரம் அதுதான். இங்கே புதன்கிழமை மாதிரி அழைத்து விசாரிப்பதால் பயன் இல்லை.

தினமும் காலை: முக்கால் மணித்தியாலப் பயிற்சி

சான்றிதழ் வகுப்புகளைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம் எப்போதும் உண்டு. மூன்று எக்செல் சான்றிதழ் இணைத்த ஒரு பிள்ளைக்கு நாங்கள் ஒரு தாளைத் திறந்து கொடுத்தபோது கூட்டல் கூட வரவில்லை. ஆகவே பயிற்சியை வகுப்பிலிருந்து தொடங்காமல், நீங்கள் தெரிவுசெய்த விளம்பரங்களில் கோடு போட்ட சொற்களிலிருந்து தொடங்குங்கள். மூன்று கிழமையில் ஒன்பது விளம்பரம் சேரும். எந்தச் சொல் கூடுதலாக வருகிறதோ அதுதான் அந்த மாதப் பாடம்.

அவளுக்கு வந்தது வங்கி இணக்கக்கூற்று. பாடப்புத்தகக் கணக்கு அவளுக்கு நன்றாக வரும். உண்மையான சிட்டைகளை வைத்து எக்செலில் செய்ததில்லை. பெரியப்பாவின் கடையில் கெஞ்சி ஒரு மாதத்து வங்கிக் கூற்றும் காசேட்டுக் கொப்பியும் வாங்கினோம். காசேட்டில் மீதி 84,500 ரூபா. வங்கிக் கூற்றில் 97,250. வித்தியாசம் எங்கே?

இரண்டையும் எக்செலில் தனித்தனித் தாளில் அடித்தாள். வங்கித் தாளின் பெயர் `Bank`, இரண்டிலும் காசோலை இலக்கம் B நிரலில். காசேட்டுத் தாளில் ஒவ்வொரு காசோலை இலக்கத்துக்கும் பக்கத்தில் இதைப் போட்டாள்:

```
=MATCH(B2,Bank!B:B,0)
```

வங்கித் தாளில் அந்த இலக்கம் இருந்தால் எத்தனையாவது வரி என்று காட்டும். இல்லாவிட்டால் `#N/A`. முதல் முறை எல்லா வரியிலும் `#N/A` வந்து அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு தாளில் காசோலை இலக்கம் எண்ணாகவும் மற்றத் தாளில் எழுத்தாகவும் பதிவாகியிருந்தது. அதைச் சரிசெய்த பிறகு இரண்டு மட்டும் மிஞ்சின. மொத்தம் 18,000 ரூபாவுக்குச் சாமான்காரருக்குக் கொடுத்த காசோலைகள், அவர்கள் இன்னும் வங்கியில் போடவில்லை. வைப்பிலிட்டும் வங்கி வரவு வைக்காத 5,000 ரூபாவை அவளே கண்டுபிடித்தாள். 97,250இல் 18,000 கழித்து 5,000 கூட்டினால் 84,250. காசேட்டில் எழுதாமல் விட்ட வங்கிக் கட்டணம் 250, அதை 84,500இல் கழித்தால் அதே 84,250. நாலு காலை எடுத்தது. நேர்முகப் பரீட்சையில் "எக்செலில் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டபோது இந்தக் கதையைத்தான் சொன்னாள், அந்த `#N/A` பகுதியையும் சேர்த்து.

அடுத்த கிழமை சம்பளப் பட்டியல். 40,000 ரூபா சம்பளத்துக்கு ஊழியரிடம் பிடிக்கும் ஈ.பி.எஃப். 8 சதவீதம், 3,200. முதலாளி சேர்ப்பது 12 சதவீதம், 4,800. ஈ.ரீ.எஃப். 3 சதவீதம், 1,200. இது முதலாளியின் செலவு, ஊழியரின் சம்பளத்தில் பிடிக்கக்கூடாது. பட்டதாரிகள் நிறையப் பேர் தடுக்கி விழும் இடம் இதுதான்.

ஐந்து காலைகளில் மூன்று இப்படி. மற்ற இரண்டு பேச்சுக்கு. ஒரு நிமிடம் ஆங்கிலத்தில் உங்களைப் பற்றிப் பேசிப் போனில் பதிந்து கேளுங்கள், எங்கே இழுக்கிறீர்கள் என்று உங்களுக்கே கேட்கும். சிங்களத்துக்கு ஒரு வாடிக்கையாளரோடு பேசும் பத்து வாக்கியம் மட்டும்: உட்காருங்கள், அடையாள அட்டை தாருங்கள், இங்கே கையொப்பம் இடுங்கள் என்ற அளவில். இலக்கணம் பிறகு பார்க்கலாம்.

சனி: அரை மணித்தியாலம் கணக்குப் பார்த்தல்

சனிக்கிழமை புதிதாக ஒன்றும் அனுப்ப வேண்டாம். பதிவேட்டைப் பாருங்கள். நாலு கிழமையில் விளம்பரம் பார்த்து அனுப்பியது பன்னிரண்டு, நேரில் கொடுத்தது எட்டு இருக்கும். இருபதுக்கும் ஒரு அழைப்பும் இல்லை என்றால் கோளாறு தெரிவிலோ சீவியின் மேற்பகுதியிலோ. அழைக்கிறார்கள், ஆனால் இரண்டாம் சுற்றுக்குப் போகவில்லை என்றால் சீவியைத் தொடாதீர்கள், பேச்சுப் பயிற்சியைக் கூட்டுங்கள். இரண்டாம் சுற்றிலும் நிற்கிறது என்றால் பெரும்பாலும் சம்பளம் அல்லது இடம். அங்கே என்ன கேட்டார்கள், நீங்கள் என்ன சொன்னீர்கள் என்பதை அன்றே எழுதி வைத்திருந்தால்தான் இது பிடிபடும்.

நேர்முகப் பரீட்சைக்கு அழைப்பு வந்தால் அந்தக் கிழமைத் திட்டத்தை மூடி வைத்துவிட்டு அதற்கு மட்டும் தயாராகுங்கள். விசாரிப்பு மட்டும் நிற்கக்கூடாது. கொழும்புக்கு அழைத்தால் இரவு ரயிலுக்கு இடம் பதிய முன், "முதல் சுற்றை தொலைபேசியிலோ மட்டக்களப்புக் கிளையிலோ வைக்க முடியுமா?" என்று பணிவாகக் கேளுங்கள். எங்கள் தலைமையகம் பல முறை ஒத்துக்கொண்டிருக்கிறது, கேட்டவர்கள்தான் குறைவு.

சின்னம்மா மகளுக்கு ஆறாவது கிழமை வேலை கிடைத்தது, கல்முனையில் நேரில் சீவி கொடுத்த ஒரு தனியார் வைத்தியசாலையின் கணக்குப் பிரிவில். அந்த 26ஆம் திகதி அழைத்த கிளைக்கு அதுவரை பட்டியல் வந்திருக்கவில்லை. கடிதம் கிடைத்த அன்றே பதிவேட்டில் திறந்திருந்த ஏழு வரிசைக்கும், வேறு இடத்தில் சேர்ந்துவிட்டேன், நேரம் ஒதுக்கியதற்கு நன்றி என்று இரண்டு வரி அனுப்பச் சொன்னேன். மூன்று மாதம் கழித்து அந்தக் கிளையின் மிஸ் அவளுக்கு அழைத்தார். "தங்கச்சி, நீங்க வரமாட்டீங்க எண்டு தெரியும். உங்களோட படிச்ச வேற யாரும் இருக்காங்களா?"